16 வார வேலையை 12 வாரத்தில் கேட்கிறார்கள்: ஆளை இரட்டிப்பாக்கினால் போதுமா?

தேதிக்காரன்:
புது மென்பொருள் திட்டம், இன்னும் தொடங்கவில்லை. வடிவமைப்பு 3 வாரம் (2 பேர்). அது முடிந்ததும் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்: சர்வர் பகுதி 6 வாரம் (3 பேர்), ஸ்கிரீன்கள் 4 வாரம் (2 பேர்), பழைய டேட்டாவை மாற்றுவது 5 வாரம் (2 பேர்). மூன்றும் முடிந்த பிறகு டெஸ்டிங் 4 வாரம் (3 பேர்), கடைசியில் வாடிக்கையாளரின் ஏற்புச் சோதனை 3 வாரம் (2 பேர்). மொத்தம் 16 வாரம், 60 ஆள்-வாரம். வாடிக்கையாளர் 12 வாரத்தில் கேட்கிறார், ஸ்கோப்பில், அதாவது செய்து தர வேண்டியவற்றின் பட்டியலில், கை வைக்கக் கூடாதாம். ஆளை இரட்டிப்பாக்கினால் நடக்குமா?

நள்ளிரவு கோடர்:
நடக்காது. ப்ரூக்ஸ் விதி இருக்கிறதே, ஆளைச் சேர்த்தால் திட்டம் இன்னும் தாமதமாகும். மூன்று பேர் என்றால் பேசிக்கொள்ள 3 இணைப்பு, ஆறு பேர் என்றால் 15. பாதி நேரம் மீட்டிங்கிலேயே போய்விடும். 16 வாரம்தான் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

வலைப்பின்னல்:
கோடர், அந்த விதி ஏற்கெனவே தாமதமாகிவிட்ட திட்டத்தைப் பற்றியது. பாதி வழியில் வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க, வேலை தெரிந்தவர் தன் வேலையை நிறுத்த வேண்டியிருக்கும். அங்கேதான் அடி விழுகிறது. இவர் இன்னும் தொடங்கவே இல்லை. முதல் நாளிலிருந்தே ஆறு பேரை வைத்துத் திட்டமிட்டால் தாமதமாகாது, விலைதான் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதுதான் கேள்வி.

சர்வர் வேலை 18 ஆள்-வாரம். ஆறு பேரைப் போட்டால் 3 வாரத்தில் முடியும் என்று வகுத்தல் சொல்லும். ஆனால் ஒரே டேட்டாபேஸ் டேபிளில் இரண்டு பேர் கை வைப்பது, ஒருவர் முடிக்கும் வரை இன்னொருவர் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து 4 வாரத்துக்குக் கீழே போகாது என்றே வைப்பேன். 24 ஆள்-வாரம் ஆகிறது. அதாவது சர்வரில் குறைக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் 3 ஆள்-வாரம் கூடுதல், அதிகபட்சம் 2 வாரம் குறைக்கலாம். டேட்டா மாற்றத்துக்கு மூன்றாவது ஆளைச் சேர்த்தால் 1 வாரம் குறையும், 2 ஆள்-வாரம் கூடும். டெஸ்டிங்கில் 1 வாரம் குறைக்கலாம். இன்னொரு டெஸ்ட் சூழலையும் அமைக்க வேண்டியிருப்பதால் அதற்கு 4. வடிவமைப்பையும் ஏற்புச் சோதனையையும் தொட முடியாது: முன்னதில் இரண்டு பேர் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள், பின்னது வாடிக்கையாளரின் ஆட்களுடைய நேரம்.

இப்போது ஒவ்வொரு வாரமாகக் குறைத்துப் பாருங்கள். முதலில் சர்வரை 5 ஆக்கினால் திட்டம் 15 வாரம், செலவு 3. இங்கேதான் பலரும் தடுக்கி விழுவார்கள். சர்வரும் டேட்டா மாற்றமும் இப்போது 5, 5 என்று சமமாகிவிட்டன. இனி சர்வரை மட்டும் குறைத்தால் பணம் போகும், தேதி ஒரு நாள்கூட நகராது. இரண்டையும் சேர்த்துக் குறைக்க 5, டெஸ்டிங்கைக் குறைக்க 4. எனவே அடுத்து டெஸ்டிங்: 14 வாரம். அதற்கடுத்து சர்வர், டேட்டா இரண்டும்: 13 வாரம். முதல் வாரத்தின் விலை 3, இரண்டாவதன் விலை 4, மூன்றாவதன் விலை 5. மொத்தம் 72 ஆள்-வாரம். நான்காவது வாரத்துக்கு விலையே இல்லை, ஏனென்றால் குறைக்க எதுவும் மிச்சமில்லை. ஸ்கோப்பைத் தொடாமல் 13தான் தரை.

ஓடை:
இவ்வளவு கணக்கு எதற்கு? தேதியையும் ஆட்களையும் அப்படியே வைத்துக்கொண்டு ஸ்கோப்பைக் குறையுங்கள். அறிக்கை ஸ்கிரீன்கள் ஐந்தாறு இருக்கும், அவற்றை எடுத்துவிட்டால் ஒரு வாரமாவது மிஞ்சும். முடிந்தது.

வலைப்பின்னல்:
ஸ்கோப்பைக் குறைக்கச் சொல்வது சரி, எங்கே குறைப்பது என்பதில்தான் பிசகு. ஸ்கிரீன் வேலைக்கு 4 வாரம், சர்வருக்கு 6. ஸ்கிரீனில் ஏற்கெனவே 2 வாரம் சும்மா கிடக்கிறது. அதிலிருந்து அறிக்கைகளை எடுத்தால் 2 ஆள்-வாரம் மிச்சமாகும், 16 வாரம் 16 வாரமாகவே இருக்கும். வாடிக்கையாளர் கேட்ட ஒன்றை இழப்பார், அவர் கேட்ட தேதியும் கிடைக்காது.

அறிக்கைக்கான கணக்கீடுகளைச் சர்வரிலிருந்தும் சேர்த்து எடுத்தால்தான் கதை மாறும். சர்வர் 6 என்பது 5, ஸ்கிரீன் 4 என்பது 3. கூடவே முடிந்துபோன பழைய பதிவுகளை இப்போது மாற்றாமல் நடப்பில் இருப்பவற்றை மட்டும் கொண்டுவந்தால் டேட்டா மாற்றம் 5 என்பது 4. இந்த மூன்றிலும் 7 ஆள்-வாரம் குறைந்து 53 ஆகிறது, திட்டம் 15 வாரம். இதற்கு மேல் முன்பு சொன்ன அதே குறைப்புகளைச் செய்யுங்கள்: சர்வர் 4 (விலை 3), டெஸ்டிங் 3 (விலை 4), பிறகு சர்வரும் டேட்டாவும் 3, 3 (விலை 5). 12 வாரம், 65 ஆள்-வாரம். வாடிக்கையாளர் முன் வைக்க வேண்டிய மூன்று வரிகள் இவைதான்: முழு ஸ்கோப் 16 வாரம் 60, முழு ஸ்கோப் 13 வாரம் 72, குறைந்த ஸ்கோப் 12 வாரம் 65.

நள்ளிரவு கோடர்:
கடைசி வரியில் சர்வருக்கு 3 வாரத்தில் 21 ஆள்-வாரம் என்றால் ஏழு பேர். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. அது மட்டுமல்ல, மூன்று வேலைகளும் சரியாக 3 வாரம். ஒவ்வொன்றும் நேரத்துக்கு முடிய 80% வாய்ப்பு இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து முடிய 51%தான். பழைய திட்டத்தில் டேட்டா மாற்றம் ஒரு வாரம் சறுக்கினால் யாருக்கும் தெரியாது. இதில் ஒரு நாள் சறுக்கினாலே தேதி போச்சு.

வலைப்பின்னல்:
இதை ஏற்கிறேன். ஏழு பேர் என்பது விளிம்பு. சர்வர் வேலையைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்க முடியாதென்றால் 12 வாரத்தை மறந்துவிடலாம். வடிவமைப்பு நடக்கும் மூன்றாவது வாரத்திலேயே இது தெரிந்துவிடும்: துண்டுகளுக்கு இடையிலான இணைப்புகள் அதற்குள் எழுத்தில் முடிவாகவில்லை என்றால், ஏழு பேரும் நான்காவது வாரம் முழுக்க ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கல்லாப்பெட்டி:
கணக்கில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. திட்ட மேலாளர், சர்வர் வாடகை, உரிமக் கட்டணம் எல்லாம் வாரத்துக்கு 2 ஆள்-வாரம் அளவுக்கு வரும் என்று வையுங்கள். ஒவ்வொரு வாரம் குறையும்போதும் அந்த 2 மிச்சம். அப்படியென்றால் முழு ஸ்கோப்பில் முதல் வாரத்தின் நிகர விலை 1, அடுத்து 2, அடுத்து 3. 12 கூடுகிறது என்று பயமுறுத்துவது 6தான்.

எங்கள் இடத்தில் பிரச்சினை நேர் எதிர். தேதியை ஐந்து வாரம் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவசரம் இல்லாததால் செலவு குறையும் என்று மேலிடம் சந்தோஷப்படுகிறது. உண்மையில் கூடாதா?

வலைப்பின்னல்:
கூடும். வேலை அவசரமில்லாத வேகத்துக்கு வந்த பிறகு மேலும் நீட்டினால் நேரடிச் செலவு குறையாது, வாரச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். உங்கள் கணக்குப்படி ஐந்து வாரத்துக்கு 10 ஆள்-வாரம். 1950களின் இறுதியில் டியூபாண்ட் நிறுவனத்துக்காகக் கிரிட்டிக்கல் பாத் முறையை, அதாவது முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் வேலைத் தொடரைக் கண்டுபிடிக்கும் முறையை, உருவாக்கியவர்கள் தேடியதே மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்கும் அடிமட்டப் புள்ளியைத்தான்: நேரத்துக்கும் செலவுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்று. தேதி போடும் வெறும் வரைபடமாக அது பிறகு சுருங்கிவிட்டது.

ஆனால் அந்த 2 மிச்சம் எப்போது கைக்கு வரும்? மேலாளர் 13ஆம் வாரம் முடிந்து வேறு திட்டத்துக்குப் போனால்தான். சும்மா உட்கார்ந்திருந்தால் அது வெறும் காகித மிச்சம்.

கல்லாப்பெட்டி:
வாடகையும் உரிமமும் காகிதம் இல்லையே. அவை அன்றே நிற்கும். வாரச் செலவே இல்லை என்பது போல விலை சொன்னால், வாடிக்கையாளர் குறைப்பே வேண்டாம் என்று ஓடிவிடுவார்.

ஓடை:
டெஸ்டிங்கை ஏன் 3 வாரத்தோடு நிறுத்துகிறீர்கள்? 2 ஆக்கினால் முழு ஸ்கோப்போடு 12 வந்துவிடுமே. காசும் ஆகாது.

நள்ளிரவு கோடர்:
காசு ஆகும், பில் வேறு இடத்தில் வரும். டெஸ்டிங் என்பது ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதல்ல. பிழை கண்டுபிடித்துத் திருத்துவது ஒரு சுற்று, அந்தத் திருத்தம் வேறெதையும் உடைத்ததா என்று பார்ப்பது அடுத்த சுற்றில். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். இரண்டே வாரம் என்றால் இரண்டாம் சுற்றில் கிடைத்த பிழைகளின் திருத்தத்தை யாரும் சோதிக்கவில்லை என்று பொருள். அதை ஏற்புச் சோதனையில் வாடிக்கையாளரே கண்டுபிடிப்பார். அப்போது யாரும் தொட முடியாது என்று சொன்ன அந்த 3 வாரம் 5 ஆகும். முன்னால் ஒரு வாரம் வெட்டியது பின்னால் இரண்டு வாரமாகத் திரும்பி வரும்.

தேதிக்காரன்:
வாடிக்கையாளரிடம் பேசிவிட்டேன். பழைய பதிவுகளைப் பிறகு மாற்றச் சம்மதம். அறிக்கைகள் கட்டாயம் வேண்டுமாம். இப்போது?

வலைப்பின்னல்:
டேட்டா மாற்றம் 4 வாரம் ஆகிறது, 2 ஆள்-வாரம் மிச்சம். ஆனால் சர்வர் முழு 6, ஸ்கிரீன் முழு 4. சர்வரை இரண்டு வாரம் குறைத்தால் 14 வாரம், டெஸ்டிங்கையும் குறைத்தால் 13. டேட்டாவில் கை வைக்கத் தேவையில்லை. 60 - 2 + 10 = 68. இதற்கு முன் 72 கேட்ட அதே 13 வாரம் இப்போது 68. 12 வராது.

12 கட்டாயம் என்றால் ஒரு வழி இருக்கிறது: அறிக்கை இல்லாமல் 12ஆம் வாரம் வெளியிட்டு, ஏற்புச் சோதனை நடக்கும் அந்த 3 வாரத்தில் அறிக்கைகளை எழுதி, அடுத்த வெளியீட்டில் தருவது. விட்ட 5 ஆள்-வார வேலையும் அதற்கான டெஸ்டிங்கும் திரும்பச் சேரும், செலவு 70ஐத் தாண்டும்.

நள்ளிரவு கோடர்:
அந்த 3 வாரத்தில்தான் வாடிக்கையாளர் சொல்லும் பிழைகளைத் திருத்த அதே ஆட்கள் தேவைப்படுவார்கள். ஒரே ஆளை இரண்டு இடத்தில் எழுதிவிட்டீர்கள்.

வலைப்பின்னல்:
ஏழு பேரில் இரண்டு பேரை அறிக்கைக்கு ஒதுக்கிவிட்டு ஐந்து பேர் பிழைக்கு இருக்கிறார்கள்.

நள்ளிரவு கோடர்:
நான்கு பேர் சர்வரை விட்டு ஆறாவது வாரமே போய்விடுவார்கள். அவர்களை 12 வரைக்கும் வைத்துக்கொள்வதாக 65க்குள் எங்கே இருக்கிறது?

தேதிக்காரன்:
13 வாரம் 68, 12 வாரம் இரண்டு வெளியீடு என்று இரண்டையும் எழுதி அனுப்புகிறேன். இரண்டாவதற்கு ஆள்-வாரம் எத்தனை என்று நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்ட எண்ணைச் சொன்னால் நல்லது.