ஒரே பயோவின் இரண்டு வடிவங்களை வரிக்கு வரி ஒப்பிட்டேன், வென்ற வரிகளைச் சேர்த்தால் குறிப்பு கெட்டுப்போகிறது: எங்கே தவறு?

தாள்திருப்பி (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். நான் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் தகவல் தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். என் தொழில் பக்கத்தில் இடுவதற்காக ஐந்து வரிகளில் ஓர் அறிமுகக் குறிப்பு எழுத முயன்றபோது இரண்டு வடிவங்கள் கிடைத்தன. இரண்டையும் அப்படியே கீழே தருகிறேன்.

வடிவம் அ
1. மொழிகளின் மீது தீராத ஆர்வம் கொண்ட, அனுபவமிக்க மொழிபெயர்ப்பாளர் நான்.
2. ஒன்பது ஆண்டுகளாக மருத்துவம், சட்டம், தொழில்நுட்பம் எனப் பல துறைகளில் பணியாற்றி வருகிறேன்.
3. துல்லியமும் காலம் தவறாமையும் என் அடையாளங்கள்.
4. நோயாளி தனியே வாசித்தாலும் அளவு தவறாமல் மருந்தை எடுத்துக்கொள்ளும்படி எழுதுவதே என் வேலை.
5. புதிய பணிகளுக்கு என்னைத் தொடர்புகொள்ளலாம்.

வடிவம் ஆ
1. மருந்துத் தகவல் தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறார்.
2. இதுவரை 140 தாள்களை முடித்திருக்கிறார். அவற்றுள் 60 குழந்தைகளுக்கான மருந்துகளுக்கு உரியவை.
3. அதற்கு முன் ஆறு ஆண்டுகள் மருந்தகத்தில் பணியாற்றியவர்.
4. எண்களையும் அலகுகளையும் இன்னொருவர் சரிபார்த்த பின்னரே கோப்பை அனுப்புகிறார்.
5. அடுத்த மாதப் பணிகளை மட்டுமே இப்போது ஏற்கிறார், மின்னஞ்சல் அனுப்பவும்.

முதல் வரியை முதல் வரியோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் வைத்து எட்டு நண்பர்களிடம் வாக்குக் கேட்டேன். ஆ1, அ2, ஆ3, அ4, ஆ5 ஆகியவை வென்றன. அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வாசித்தால், தனித்தனியே நன்றாக இருந்த வரிகள் சேர்ந்தவுடன் யாரோ இருவரைப் பற்றிய குறிப்பைப் போல் ஒலிக்கின்றன. வாக்கெடுப்பு தவறா, ஒப்பிட்ட முறை தவறா என்று எனக்கு விளங்கவில்லை.

எண்கோடு

இதற்கு இவ்வளவு சிரமம் தேவையில்லை என்பது என் கருத்து. எண் இருக்கும் வரி எப்போதும் வலியது. 140, 60, ஆறு ஆண்டுகள் ஆகியவை ஆ வடிவத்தில் இருக்கின்றன. அ வடிவத்தில் ஒன்பது என்ற ஒரே எண்தான் இருக்கிறது. ஆகவே ஆ வடிவத்தை முழுமையாக எடுத்துக்கொண்டு, படர்க்கையைத் தன்மைக்கு மாற்றினால் வேலை முடிந்துவிடும்.

ஓரக்குறிப்பு

பல ஆண்டுகளாகக் கருத்தரங்க நிகழ்ச்சி நிரல்களுக்காகப் பிறர் அனுப்பும் அறிமுகக் குறிப்புகளைத் திருத்தி வருகிறேன், அதனால் இந்தக் குழப்பம் எனக்குப் பழக்கமானது. தாங்கள் வரிகளை அவற்றின் எண்ணைக் கொண்டு இணைசேர்த்ததுதான் முதல் தவறு. ஒவ்வொரு வரியும் வாசிப்பவரின் எந்தக் கேள்விக்கு விடையளிக்கிறது என்பதைக் கொண்டு இணைசேர்த்திருக்க வேண்டும்.

தாளின் ஓரத்தில் அந்தக் கேள்வியைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். அ1, அ2, ஆ1, ஆ2 ஆகிய நான்கும் "இவர் என்ன செய்கிறார்" என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்கின்றன. அ3, ஆ4 ஆகிய இரண்டும் "இவர் வேலையை எப்படிச் செய்கிறார்" என்பதற்கு விடை. ஆனால் தாங்கள் அ3-ஐ ஆ3-ஓடு மோதவிட்டீர்கள். துல்லியத்தையும் மருந்தக அனுபவத்தையும் ஒப்பிட முடியாது. அங்கே மருந்தகம் வென்றது என்பதால் துல்லியத்தைப் பற்றி எதுவும் தெரியவரவில்லை. அதேபோல் ஆ4, தனக்குத் தொடர்பே இல்லாத அ4-இடம் தோற்றிருக்கிறது. வேறு எந்தப் போட்டியும் இல்லாமல் ஒரு நல்ல வரி வெளியேறிவிட்டது.

சரியாக இணைசேர்த்தால் இரண்டு வரிகள் துணையின்றி நிற்கும்: அ4-க்கு ஆ வடிவத்தில் இணையில்லை, ஆ3-க்கு அ வடிவத்தில் இணையில்லை. இவற்றை எதனோடும் ஒப்பிட வேண்டாம். இந்தத் தகவல் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேளுங்கள். இரண்டும் வேண்டும் என்பேன், ஏனெனில் மருந்தகத்தில் இருந்தவர் என்பது தங்களை மற்ற மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. நோயாளி தனியே வாசிக்கும் அந்த வரியோ, தாங்கள் தாளை யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதை நன்கு அறிந்தவர் என்று காட்டுகிறது. அது நான்காம் வரியில் புதைந்து கிடக்க வேண்டியதில்லை.

உண்மையான இணைகளுக்கு வருவோம். ஒரு வரி தகவல் தருகிறதா என்று அறிய நான் செய்யும் சோதனை, அதற்கு எதிரான வரியை எழுதிப் பார்ப்பது. "துல்லியமின்மையும் காலதாமதமும் என் அடையாளங்கள்" என்று எவரும் எழுதமாட்டார். எவரும் எதிராக எழுத முடியாத வரி, எழுதியவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. "இன்னொருவர் சரிபார்க்காமலே அனுப்புகிறேன்" என்பதோ பலருக்கும் உண்மையான நிலை, ஆகவே ஆ4 தகவல் தருகிறது. ஆனால் அது ஒவ்வொரு கோப்புக்கும் உண்மையாக இருந்தால் மட்டுமே அதை வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வாடிக்கையாளர் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வார்.

எண்கோடு அவர்களுக்கு ஒரு சொல். எண் வரியை வலுவாக்கும் என்பது பாதி உண்மை. அ2-இல் உள்ள ஒன்பது ஆண்டுகள் மூன்று துறைகளுக்குப் பங்கிடப்பட்டிருப்பதால், மருந்துத் தாளுக்கு எத்தனை ஆண்டுகள் என்று வாசிப்பவருக்குத் தெரியாது. அங்கே எண் இருந்தும் வரி தளர்ந்து கிடக்கிறது. 140 என்பது எதை எண்ணியது என்று தெளிவாக இருப்பதால் நிற்கிறது.

எண்கோடு

140-ஐ ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. அப்படியானால் 60-ஐயும் விடக்கூடாது என்பதே என் நிலை. குழந்தைகளுக்கான மருந்தில் அளவு எடைக்கேற்ப மாறுவதால், அந்த அட்டவணைகளைக் கையாண்டவர் என்பது தனித் தகுதி.

மண்குயவி

எனக்கும் இதே சிக்கல் இருக்கிறது. நான் களிமண் சிற்பங்கள் செய்கிறேன், என் பயோ இன்ஸ்டாகிராமுக்கானது. அங்கே 150 குறிகளுக்கு மேல் இடமில்லை. ஐந்து வரி எழுதினால் மூன்றாம் வரியிலேயே நிறுத்திவிடுகிறது. தாங்களும் முதலில் எந்த வடிவம் சிறியது என்று பார்த்து அதையே தேர்ந்தெடுக்கலாமே.

ஓரக்குறிப்பு

மண்குயவி அவர்களே, கேள்வி தொழில் பக்கத்துக்கான குறிப்பைப் பற்றியது; அங்கே இவ்வளவு நெருக்கடி இல்லை. எனினும் தங்கள் இடர்ப்பாடு தமிழில் எழுதும் பலருக்கும் நேர்வது. நாம் கண்ணால் எழுத்தை எண்ணுகிறோம், பெட்டியோ உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. "மொழிபெயர்ப்பாளர்" என்ற சொல்லில் நமக்கு ஒன்பது எழுத்துகள், பெட்டிக்குப் பதினாறு. ஆகவே 150 என்பதைத் தமிழில் எண்பது எழுத்துகள் என்று வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால் கடைசியில் வெட்ட நேராது. அத்தகைய இடத்தில் எல்லா வரிகளையும் ஒப்பிட வேண்டாம்; "என்ன செய்கிறார்" என்ற கேள்விக்கான இணையை மட்டும் ஒப்பிட்டு, வென்றதை இடுங்கள்.

தாள்திருப்பி

ஓரத்தில் கேள்விகளை எழுதியபோது எனக்கே வியப்பாக இருந்தது. அ வடிவத்தின் முதல் மூன்று வரிகளில் மருந்துத் தாள் என்ற சொல்லே இல்லை. இணைகளை மாற்றியமைத்துச் சேர்த்தபின் இப்படி வருகிறது:

"மருந்துத் தகவல் தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறார். இதுவரை 140 தாள்களை முடித்திருக்கிறார். நோயாளி தனியே வாசித்தாலும் அளவு தவறாமல் மருந்தை எடுத்துக்கொள்ளும்படி எழுதுவதே என் வேலை. அதற்கு முன் ஆறு ஆண்டுகள் மருந்தகத்தில் பணியாற்றியவர். எண்களையும் அலகுகளையும் இன்னொருவர் சரிபார்த்த பின்னரே கோப்பை அனுப்புகிறார்."

முன்பைவிட நன்று, ஆனால் இன்னும் ஏதோ இடிக்கிறது. எட்டு நண்பர்களிடம் மறுபடியும் கேட்கலாமா?

ஓரக்குறிப்பு

இடிப்பது வரிகளில் இல்லை, அவை சந்திக்கும் இடங்களில் இருக்கிறது. வரிக்கு வரி ஒப்பிடும்போது இந்த இடங்களைக் காண முடியாது, ஆகவே தேர்வு முடிந்தபின் ஒருமுறை சந்திப்புகளை மட்டும் வாசிக்க வேண்டும். நடுவில் "என் வேலை" என்று தன்மை நுழைகிறது, முன்னும் பின்னும் படர்க்கை நிற்கிறது. அடுத்தது "அதற்கு முன்". எதற்கு முன்? இப்போது அது நோயாளி மருந்து எடுப்பதற்கு முன் என்று வாசிக்கப்படுகிறது. மூல ஆ வடிவத்திலும் அது 140 தாள்களைத்தான் சுட்டியது, தாள்கள் ஒரு காலம் அல்ல. "மொழிபெயர்ப்புக்கு வருமுன்" என்று எழுதிவிட்டால் அந்த வரியை எங்கே வைத்தாலும் நிற்கும். அது, அவை, இதனால் போன்ற சுட்டுச் சொற்களோடு தொடங்கும் எந்த வரியையும் இடம் மாற்றும்போது இப்படிப் பாருங்கள்.

நண்பர்களிடம் மீண்டும் கேட்க வேண்டாம். அவர்கள் தங்களை அறிந்தவர்கள், குறிப்பு சொல்லாமல் விட்டதைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். மேலும் ஒருவரிடம் இரண்டு வடிவங்களையும் காட்டினால், முதலில் வாசித்ததை மனத்தில் வைத்துக்கொண்டே இரண்டாவதை வாசிப்பார். தங்கள் வேலையை அறியாத நால்வரைப் பிடித்து, இருவருக்கு அ வடிவத்தை மட்டும், இருவருக்குப் புதியதை மட்டும், பத்து விநாடிகள் காட்டுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, "இவரிடம் என்ன வேலை கொடுப்பீர்கள்" என்று கேளுங்கள். எது பிடித்தது என்று கேட்காதீர்கள். நால்வரை வைத்து எதையும் நிறுவ முடியாது, ஆனால் குறிப்பு தவறாக வாசிக்கப்படும் இடம் பெரும்பாலும் அதிலேயே வெளிப்பட்டுவிடும்.

தாள்திருப்பி

முழுவதையும் தன்மைக்கு மாற்றி, "மொழிபெயர்ப்புக்கு வருமுன்" என்றும் திருத்தியபின் சோதித்தேன். அ வடிவத்தைப் பார்த்த ஒருவர் சட்ட ஆவணம் கொடுப்பேன் என்றார், மற்றவர் "ஏதாவது மொழிபெயர்ப்பு" என்றார். புதியதைப் பார்த்த இருவரில் ஒருவர் மருந்துத் தாள் என்று சரியாகச் சொன்னார். மற்றவரோ என்னை இன்னும் மருந்தகத்தில் வேலை செய்பவர் என்று எண்ணிவிட்டார். மருந்தக வரியை இறுதிக்குத் தள்ளுவதா, சுருக்குவதா என்று யோசிக்கிறேன். 60 என்ற எண்ணைச் சேர்க்கவில்லை, ஏனெனில் அது நான் நினைவிலிருந்து எழுதியது. கோப்புகளை எண்ணிப் பார்த்த பிறகே இடுவேன்.

எண்கோடு

எண்ணிப் பார்த்து இடுவது நேர்மையான முடிவு, அதை மதிக்கிறேன். ஆனால் மருந்தக வரியைத் தள்ள வேண்டாம்; அதையே முதல் வரியாக வையுங்கள். "மருந்தகத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தபின் மொழிபெயர்ப்புக்கு வந்தேன்" என்று தொடங்கினால் அந்தக் குழப்பமே எழாது.

ஓரக்குறிப்பு

அதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் வரியில் பழைய வேலை நின்றால், அவசரமாக வாசிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். எனினும் இது நானும் எண்கோடும் பேசித் தீர்க்கக்கூடியது அல்ல. இரண்டு வரிசைகளையும் புதிதாக இருவர் இருவரிடம் காட்டிப் பாருங்கள். "அடுத்த மாதப் பணிகளை மட்டுமே" என்ற ஆ5-ஐத் தாங்களாகவே விட்டது நல்லது, அதை ஒவ்வொரு மாதமும் திருத்த நேரும். ஆனால் தொடர்புகொள்ளும் வழி எங்கேனும் இருக்க வேண்டும்.

தாள்திருப்பி

மின்னஞ்சல் முகவரி பக்கத்தின் மேல்பகுதியிலேயே தனியாக இருக்கிறது, அதனால்தான் ஐந்தாம் வரியை நீக்கினேன். இரண்டு வரிசைகளையும் எழுதி வைத்துவிட்டேன். தாள் சரிபார்க்க வரும் இருவரும் வேறு இருவரும் கிடைத்திருக்கிறார்கள். சரிபார்க்க வருபவர்கள் என் வேலையை அறிந்தவர்கள் என்பதால் அவர்களை விட்டுவிட்டு, இன்னும் இருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.