120 மீட்டர் வளைவு என்று வரைபடம் சொல்கிறது, இழுத்துப் பிடித்த நூல் வேறு சொல்கிறது: மலையகச் சைடிங் அனுபவங்கள்

ஹட்டன் பக்கம்: மெயின் லைனிலிருந்து பிரிந்து களஞ்சியத்துக்குள் போகும் எங்கள் சைடிங்கில் எண்ணெய் நிரப்பிய தொட்டி வேகன் ஒரே இடத்தில்தான் தடம் இறங்குகிறது. வளைவின் நடுவில் உள்ள தண்டவாள மூட்டு அது. முன் அச்சின் வெளிப்பக்கச் சில்லுதான் எப்போதும் ஏறுகிறது. நடக்கிற வேகத்துக்கு மேல் யாரும் ஓட்டுவதில்லை. வடிவமைப்புக் குறிப்பில் ஆரை 120 மீட்டர், அச்சுப் பளு 16 டன், மெதுவான ஓட்டம் என்பதால் சல்லி 20 செ.மீ. போதும் என்று இருக்கிறது. மெயின் லைனிலேயே 100 மீட்டர் வளைவில் கோச்சி ஓடுகிறதே, 120-க்கு என்ன வந்தது? இப்படிப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

ரிட்டயர்ட் கேங்: தம்பி, வெளிப்பக்கத் தண்டவாளத்தை ஐம்பது மில்லிமீட்டர் தூக்கிப் போடுங்கள், சரியாகிவிடும். நாங்கள் மெயின் லைனில் அப்படித்தான் செய்தோம்.

நானுஓயா சர்வே: அண்ணன் சொன்னதில் பாதி சரி. வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிடத் தாழக் கூடாது, அது உண்மை. ஆனால் தூக்கிவைப்பது வேகத்துக்காக. மணிக்கு 10 கிலோமீட்டரில் 120 மீட்டர் வளைவுக்குக் கணக்கு போட்டால் 11, 12 மில்லிமீட்டர்தான் வருகிறது. ஐம்பது கொடுத்தால் பாரம் உள்பக்கம் சாய்ந்து வெளிச் சில்லு இலேசாகும். இலேசான சில்லு சுலபமாக ஏறும். சைடிங்கைச் சமமாகவே விடுவது நல்லது.

எங்கள் பக்கத்தில் இதே போல் ஒரு சைடிங் பார்த்தேன். படத்தை மூடிவைத்துவிட்டு நூலை எடுத்தோம். வெளித் தண்டவாளத்தின் உள்முகத்தில் 10 மீட்டர் நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் இடைவெளியை அளக்க வேண்டும். ஆரை 120 என்றால் 104 மில்லிமீட்டர் வர வேண்டும். பெரும்பாலான இடங்களில் அப்படியே வந்தது, மூட்டில் மட்டும் 132. அதைத் திருப்பிக் கணக்கு போட்டால் ஆரை 95 மீட்டருக்கும் குறைவு. தண்டவாளத்தை முன்கூட்டியே வளைக்காமல் நேராகக் கொண்டுவந்து போட்டு, சிலிப்பரில் ஆணியால் வளைத்துப் பிடித்திருந்தார்கள். முனைகள் நிமிரப் பார்த்து மூட்டை வெளியே தள்ளி, முழங்கை மாதிரி ஆக்கிவிட்டன. கூடவே அந்த மூட்டு வெளிப்பக்கம் பள்ளமாகவும் இருந்தது. தொட்டி வேகன் முறுக்குக்கு வளைந்து கொடுக்காது. பள்ளத்தில் ஒரு சில்லில் பாரம் குறைய, அந்த நேரத்தில் முழங்கை பக்கவாட்டில் தள்ள, ஏறிவிடும். உங்களுடையதும் இதுதானா என்று நூல் பிடித்தால் தெரிந்துவிடும்.

லைன் ஓரம் வீடு: எங்கள் வீட்டு ஜன்னல் ஒவ்வொரு கோச்சிக்கும் அதிர்கிறது. சல்லி கூட்டிப் போட்டால் குறையுமா?

ஹட்டன் பக்கம்: அக்கா, அது தனிக் கதை. தனியாகப் போடுங்கள், பார்க்கிறேன். நூல் பிடித்தேன்: மூட்டில் 128. மூட்டுக்குக் கீழே சல்லியிலிருந்து செம்மண் குழம்பு பிதுங்கிக் காய்ந்து, சிலிப்பர் முனையைச் சுற்றி விளிம்பு கட்டியிருக்கிறது. கம்பியால் குத்தினால் சிலிப்பர் அடியில் வெற்றிடம்.

நானுஓயா சர்வே: அந்தக் குழம்பு சல்லியின் கதையைச் சொல்கிறது. 16 டன் அச்சில், நேரே கீழிருக்கும் சிலிப்பர் ஏறக்குறைய பாதியைத் தாங்கும், ஒரு தண்டவாளத்தின் கீழ் 4 டன். மெதுவான ஓட்டம் என்பதால் அதிர்வுக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 4.8. மரச் சிலிப்பரின் ஒரு பக்கத்துத் தாங்கு பரப்பு சுமார் 0.22 சதுர மீட்டர், ஆக சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 22 டன். நனைந்த செம்மண்ணுக்கு 10 டன்னுக்கு மேல் நான் நம்ப மாட்டேன். சல்லி ஆழத்துக்கான டால்பொட் சூத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய 45 செ.மீ. ஆழம் கேட்கிறது. உங்களிடம் இருப்பது 20. மெதுவாகப் போவதால் சல்லி குறைவாய்ப் போதும் என்று எழுதியவர் அதிர்வைத்தான் குறைத்தார், எடை குறையாது.

45-ம் சல்லியாக வேண்டாம். மேலே 25 சல்லி, கீழே 20 கல் தூளும் சிறு கல்லும் கலந்து அமுக்கிய அடுக்கு. குழம்பு மேலேறாமல் தடுப்பதே கீழ் அடுக்குதான்.

ரிட்டயர்ட் கேங்: சல்லி எவ்வளவு போட்டாலும் மலைப்பக்கக் கானை வெட்டாவிட்டால் வீண். மழையில் மேல் சரிவுத் தண்ணீர் நேராகச் சிலிப்பருக்குக் கீழே வரும். இதைக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி.

நானுஓயா சர்வே: முழுக்க ஒப்புக்கொள்கிறேன் அண்ணன். முதலில் கான், அப்புறம்தான் சல்லி. மூட்டுக்கு இருபுறமும் தண்டவாளத்தைக் கழற்றி வளைப்புக் கருவியில் வளைத்துப் போட வேண்டும். வெளிப்பக்கச் சிலிப்பர் முனைக்கு அப்பால் 40 செ.மீ. சல்லித் தோள் வைத்தால் மறுபடி வெளியே நகராது.

ஹட்டன் பக்கம்: அங்கேதான் சிக்கல். வெளிப்பக்கம் 40 வைத்தால் தாங்கு சுவரின் விளிம்பு வந்துவிடுகிறது. அந்த இடத்தை மட்டும் உள்பக்கம் நகர்த்தினால் அதன் இரு முனைகளிலும் ஆரை குறையும்.

ரிட்டயர்ட் கேங்: சுவரை உயர்த்துங்கள்.

நானுஓயா சர்வே: சுவர் அந்தப் பாரத்துக்குக் கட்டப்பட்டதா என்று பார்க்காமல் உயர்த்தச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அத்திவார ஆழமும் பின்புற நீர்த்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்பதும் தெரிந்தால் எழுதுங்கள். அதுவரை தொட்டியைப் பாதி நிரப்பி உள்ளே விடலாமா என்றும் கேட்பார்கள். உள்ளே எண்ணெய் அலையடிக்கும் என்பதால் அதுவும் எனக்குப் பிடித்த வழி இல்லை.