டெமோ டே அழைப்புக்குக் கேப்ஷன் வேண்டும், அவசரம்

கவி_கோவை:
வணக்கம். எங்கள் இன்குபேஷன் மையத்தில் டெமோ டே. முதலீட்டாளர்களையும் மென்டர்களையும் அழைத்து ஒரு கேப்ஷன் போட்டேன். லைக் வருகிறது, பதிவு வரவில்லை. யாராவது திருத்திக் கொடுங்கள்.

"பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்! எதிர்காலத்தை மாற்றும் புதுமையான ஸ்டார்ட்அப்களின் மாபெரும் சங்கமம்! ஒவ்வொரு நிறுவனமும் 8% பங்குக்கு 50 லட்சம் திரட்டுகிறது. முதலீட்டாளர்களே, வழிகாட்டிகளே, வருக!"

செல்வி_ஆர்:
எங்கே போட்டீர்கள்? லிங்க்ட்இன்னா, இன்ஸ்டாகிராமா? தேதி, இடம், என்ன துறை, எதுவுமே இல்லையே.

மூத்தவர்77:
இதே கேள்வி இங்கே பலமுறை வந்தாயிற்று. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்பதுதான் முறை. தேதி இல்லாத அழைப்பிதழை எந்த வீட்டிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

தறி_டெக்:
கேப்ஷனில் ஒன்றும் இல்லை, எல்லாம் டேக்தான். ஊரில் உள்ள முதலீட்டாளர்கள் எல்லாரையும் டேக் செய்யுங்கள், கட்டாயம் பார்ப்பார்கள்.

செல்வி_ஆர்:
அறிமுகமில்லாதவரை டேக் செய்தால் அவர் டேக்கை நீக்கிவிட்டுப் போய்விடுவார். அடுத்த முறை உங்கள் மையத்தின் பெயரைக் கண்டாலே நகர்வார்.

கவி_கோவை:
லிங்க்ட்இன். 14 நவம்பர் வெள்ளி, மாலை 4 முதல் 6. அவிநாசி சாலை. 6 அணிகள், எல்லாம் ஆலைகளுக்கானவை: மோட்டார், நூற்பாலை, உணவு பதப்படுத்தல். நான்கு அணிகளுக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு.

செல்வி_ஆர்:
கடைசி வாக்கியத்தைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஃபோனில் முதல் மூன்று வரியோடு பதிவு மடிந்துவிடும். உங்கள் மூன்று வரியும் மகிழ்ச்சியிலேயே தீர்ந்துவிட்டன. முதலீட்டாளர் பார்ப்பது துறை, நிலை, ஊர். இந்த மூன்றும் தனக்குப் பொருந்தினால்தான் விரித்துப் படிப்பார்.

மென்டர் வேறு ஆள். அவருக்குத் தெரிய வேண்டியது, தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், எவ்வளவு நேரம் என்பது. இருவரையும் ஒரே "வருக"வில் அழைத்தால் இருவருமே தனக்கில்லை என்று நினைப்பார்கள்.

சட்டம்_சந்திரா:
8%, 50 லட்சம் இரண்டையும் உடனே நீக்குங்கள். நான் கம்பெனி செக்ரட்டரி. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 42ஆம் பிரிவில் தனியார் ஒதுக்கீட்டுக்கு வழி உண்டு. ஆனால் அப்படிப் பங்கு வெளியிடுவதைப் பொது விளம்பரமாகவோ ஊடகம் வழியாகவோ மக்களுக்கு அறிவிக்கக் கூடாது. நிகழ்ச்சிக்கு அழைப்பது வேறு, பங்கு வாங்க அழைப்பது வேறு.

தறி_டெக்:
அமெரிக்காவில் டெமோ டேக்கு விலக்கே இருக்கிறதே? 2021லேயே ரூல் 148 வந்துவிட்டது. உலகமே அப்படித்தான் நடத்துகிறது.

சட்டம்_சந்திரா:
அது அங்குள்ள விதி, கோவைக்குச் செல்லாது. அந்த விதியிலேயேகூட, நிகழ்ச்சி விளம்பரத்தில் எந்தக் குறிப்பிட்ட பங்கு வெளியீட்டையும் சொல்லக் கூடாது என்றுதான் இருக்கிறது.

மூத்தவர்77:
அப்படியானால் மேடையில் ஸ்லைடில் தொகையைக் காட்டினால்?

சட்டம்_சந்திரா:
பெயர் கொடுத்து அழைக்கப்பட்டவர்கள் மட்டும் இருக்கும் அரங்கு என்றால் என் கவலை குறைவு. நேரலையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றால் நான் ஒப்ப மாட்டேன். இதில் எங்கள் தொழிலிலேயே இரண்டு கருத்து உண்டு.

தறி_டெக்:
எங்கள் அணி போன ஆண்டு நேரலையில் காட்டியது. ஒன்றும் ஆகவில்லை.

சட்டம்_சந்திரா:
ஒன்றும் ஆகவில்லை என்பதால் சரி என்று ஆகிவிடாது. அடுத்த சுற்றில் முதலீட்டாளரின் வக்கீல் பழைய பதிவுகளைத் தோண்டும்போது இது வரும்.

செல்வி_ஆர்:
சரி, கவி, இப்படிப் போடுங்கள்:

"ஆலைகளுக்கான 6 ஸ்டார்ட்அப்கள், நான்கில் ஏற்கெனவே காசு கொடுக்கும் வாடிக்கையாளர்கள். டெமோ டே: 14 நவம்பர், வெள்ளி மாலை 4–6, அவிநாசி சாலை, கோவை.

தொடக்கநிலை முதலீட்டாளர்களுக்கு: ஒவ்வோர் அணிக்கும் 5 நிமிடம், அப்புறம் நிறுவனர்களோடு தனியே பேச ஒரு மணி நேரம்.

மென்டர்களுக்கு: ஆலைகளுக்கு விற்றுப் பழகியவர்கள் தேவை. ஓர் அணியோடு 20 நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

அழைப்பு உறுதியானவர்களுக்கு மட்டும் அனுமதி. 10ஆம் தேதிக்குள் பதிவு செய்யுங்கள்."

பதிவு இணைப்பைக் கடைசி வரியில் வையுங்கள். படிவத்தில் பெயர், நிறுவனம், முதலீட்டாளரா மென்டரா என்பது போதும். அதற்கு மேல் கேட்டால் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். இன்னொன்று, பதிவைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். வர வேண்டியவர்களுக்கு இதே வரிகளைத் தனிச் செய்தியாக அனுப்பி, எந்த அணி அவருக்குப் பொருந்தும் என்று மேலே ஒரு வரி சேருங்கள்.

மூத்தவர்77:
"காசு கொடுக்கும்" என்பது தொழில்முறை நடை இல்லை. "கட்டணம் செலுத்தும்" என்று போடுங்கள்.

செல்வி_ஆர்:
போடலாம். ஆனால் இலவசமாகச் சோதித்துப் பார்ப்பவர்களை அதில் சேர்க்காதீர்கள் கவி. முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

தறி_டெக்:
என் அணிக்கும் ஒரு கேப்ஷன் பார்த்துத் தர முடியுமா? எங்களுடையது செயலி.

கவி_கோவை:
மாற்றிப் போட்டாயிற்று, நன்றி. நான்கு என்று சொன்னதில் ஓர் அணி இலவசச் சோதனைதான், அதனால் மூன்று என்று திருத்தினேன். தனிச் செய்தி அனுப்பியவர்களில் இரண்டு பேர் பதிவு செய்துவிட்டார்கள். நேரலை பற்றி இயக்குநரிடம் கேட்க வேண்டும்.