மூன்றாம் வகைக்கு என்ன பெயர்? (செய்முறை நூல், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்முறை நூலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

செய்முறை இதுதான். ஆர்டுவினோ நானோ 33 பிஎல்இ சென்ஸ் போர்டில் மைக் கூடவே இருக்கிறது. அது கேட்கிற சத்தம் கண்ணாடி உடைகிற சத்தமா, எச்சரிக்கை மணியா என்று போர்டே சொல்ல வேண்டும். போர்டில் உள்ள நினைவகம் 256 கிலோபைட்தான். விநாடிக்கு 16,000 மாதிரி எடுத்தால் ஒரு விநாடி ஒலிக்கே 32 கிலோபைட் போய்விடும். அதனால் ஒலியை 30 மில்லிவிநாடித் துண்டுகளாக, 20 மில்லிவிநாடிக்கு ஒன்றாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் 40 அலைவரிசைப் பட்டைகளின் வலிமையை எடுக்கிறோம். 49 துண்டு, 40 பட்டை, ஆக 1,960 எண்கள். அதை ஒரு படம் போலப் பாவித்து மாடல் வகை பிரிக்கிறது.

வகைகள் மூன்று. ஆங்கிலக் கையேட்டில் மூன்றாவதற்கு நாய்ஸ் என்று இருந்தது. நான் யோசிக்காமல் 'இரைச்சல்' என்று எழுதிவிட்டேன். மாணவர்களும் இரைச்சலைத் தேடிப் போனார்கள். மின்விசிறி, மிக்ஸி, ஏசி, சாலையில் போகிற பஸ் என்று ஒரு மணி நேரம் பதிவு செய்து வந்தார்கள். மாடல் நன்றாகத்தான் தேறியது. கேன்டீனுக்கு எடுத்துப் போனோம். யாரோ எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டார்கள். திரையில் வந்தது இது:

```
glass  0.93
alarm  0.02
noise  0.05
```

அப்புறம் குக்கர் விசில் அடித்தபோது எச்சரிக்கை மணி என்றது. டம்ளர் விழுவதை யாரும் 'இரைச்சல்' என்று சொல்ல மாட்டார்கள், அதனால் யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. தவறு மாணவர்களுடையது அல்ல, நான் வைத்த பெயருடையது. அந்த இடத்துக்கு என்ன சொல் வைக்கலாம்?

புலவர் மாணிக்கம்:

அம்மா கயல்விழி, நல்ல கேள்வி. ஒலிக்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. தொல்காப்பிய உரியியலில் 'கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள' என்று ஒரே மூச்சில் நான்கு சொற்கள் இருக்கின்றன. நன்னூலாரோ முழக்கு, இரட்டு, துவை, பிளிறு, இமிழ், குளிறு என்று இன்னும் நீளமாகவே பட்டியல் தருகிறார்.

கம்பலையை எடுத்துக்கொள்ளுங்கள். பலவும் கலந்து எழும் ஆரவாரம் அது. இன்றைய பேச்சில் அது வழங்காதது நமக்கு வசதி. வேறு பொருளோடு குழப்பிக்கொள்ள முடியாது. டம்ளரும் குக்கரும் கூட்டப் பேச்சும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும் தொகுதிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. 'அரவம்' பாம்பையும் குறிக்கும் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

இளங்கோ:

ஐயா, பத்தொன்பது வயதுப் பையன் 'கம்பலை'யைப் பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவான். அதை விடுங்கள், எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். மூன்றாம் வகை எதற்கு? கண்ணாடி, மணி இரண்டு மட்டும் போதும். மதிப்பெண் 0.8-க்குக் கீழே இருந்தால் எதுவுமில்லை என்று விட்டுவிடலாமே. பெயர்ப் பிரச்சினையே இருக்காது.

நசீர்:

இளங்கோ, பாதி சரி. வரம்பு தேவைதான், எங்கள் வேலையிலும் வைக்கிறோம். ஆனால் அது மூன்றாம் வகைக்கு ஈடாகாது. கடைசியில் சாஃப்ட்மேக்ஸ் செய்வது ஒன்று என்ற முழுமையை இருக்கிற வகைகளுக்குள் பங்கு போடுவது. இரண்டே வகை இருந்தால், எதற்கும் பொருந்தாத சத்தமும் அந்த இரண்டுக்குள்ளேதான் பிரிந்தாக வேண்டும். டம்ளர் விழுந்தால் அது மணியைவிடக் கண்ணாடிக்கு நெருக்கம், அதனால் கண்ணாடிக்கு 0.9-க்கு மேல் வந்துவிடும். மேடம் காட்டிய 0.93 உங்கள் 0.8-ஐத் தாண்டித்தானே நிற்கிறது? சரி, 0.95 வைத்தால் டம்ளர் போகும். கூடவே பக்கத்து அறையில் உடைகிற கண்ணாடியும் போகும்.

டம்ளர் ஏன் கண்ணாடி போலத் தெரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேர்ந்தெடுக்க உதவும். இரண்டும் தொடங்கும்போது எல்லாப் பட்டையும் ஒரே நேரத்தில் எகிறும். அதன் பிறகுதான் வித்தியாசம். சன்னல் கண்ணாடி என்றால் முதலில் தாழ்ந்த ஒரு அதிர்வு, பிறகு சில்லுகள் சிதறி விழுகிற சலசலப்பு. எவர்சில்வர் அப்படி இல்லை, மெல்லிய சில கோடுகளாக ரீங்கரித்து ஓயும். காதுக்கு இது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நாம் எடுத்த 40 பட்டையில் மேல்பட்டைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400, 500 ஹெர்ட்ஸ் அகலம். அந்த மெல்லிய கோடுகள் அகலப் பட்டைக்குள் கரைந்துவிடும். மிஞ்சுவது அது எவ்வளவு நேரம், எப்படி ஓய்கிறது என்பது மட்டும். அதைக் கற்றுக்கொள்ள மாடலுக்கு டம்ளர் சத்தங்கள் நிறைய வேண்டும், அதுவும் 'இது கண்ணாடி இல்லை' என்ற பெயரோடு.

ஆக, அந்த வகையில் இருக்க வேண்டியது கலப்பு ஆரவாரம் அல்ல. நாம் கேட்காத, ஆனால் ஏமாற்றக்கூடிய தனித்தனிச் சத்தங்கள். கம்பலை என்றால் மாணவர் மறுபடியும் கூட்டத்தைத்தான் பதிவு செய்து வருவார், ஐயா மன்னிக்கணும். இன்னொன்று, டென்சர்ஃப்ளோவின் பேச்சு எடுத்துக்காட்டில் `silence`, `unknown` என்று இரண்டு தனி வகைகள் உண்டு. அமைதி வேறு, அறியாதது வேறு.

சுந்தரம்:

வணக்கம் நண்பர்களே. நான் ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் பராமரிப்புப் பிரிவு. இரைச்சலைக் குறைக்கிற கருவி பற்றிப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கு மிகவும் தேவை. ரிங் ஃபிரேம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஆனால் பழைய ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். பேரிங் போகப் போகிறது என்றால் அந்தச் சத்தத்துக்குள்ளேயே கண்டுபிடித்துவிடுவார். கையை மோட்டார் மேல் வைப்பார், தலையைச் சாய்ப்பார், 'வேற சத்தம் வருது' என்பார். இரண்டு நாளில் பேரிங் மாற்றியாக வேண்டும். இந்த போர்டு அதைச் செய்யுமா?

இளங்கோ:

சுந்தரம் அண்ணன் கேட்டது வேறு கேள்வி, ஆனால் விடையைக் கொடுத்துவிட்டார்! 'வேறு சத்தம்'. எல்லோருக்கும் புரியும். கலைச்சொல்லாகவே வேண்டும் என்றால் 'வேற்றொலி'.

புலவர் மாணிக்கம்:

வேற்றொலி நல்ல புணர்ச்சி. வேற்றுமை, வேற்றார், வேற்றுநாடு எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை. 'வேறு' என்பதன் அடியைப் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன். கம்பலையை நான் கைவிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நசீர்:

வேற்றொலியில் எனக்குப் பெரிய தயக்கம். சுந்தரம் அண்ணன் மில்லில் 'வேற சத்தம்' என்றால் அதுதான் பிடிக்க வேண்டிய சத்தம். மேடம் நூலில் மூன்றாம் வகை என்றால் அதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். நேர் எதிர்.

அண்ணனுக்கு விடை: செய்யலாம், ஆனால் வழி வேறு. பேரிங் கெடுகிற சத்தத்தை நூறு முறை பதிவு செய்ய உங்களிடம் நூறு கெட்ட பேரிங் கிடைக்காது. அதனால் வகை பிரிப்பதில்லை. நல்ல நிலையில் ஓடுகிற சத்தத்தை மட்டும் மாடலுக்குப் பழக்கி, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறோம். மைக்கைவிட மோட்டார் உடலில் ஒட்டுகிற அதிர்வு உணரி உங்கள் இடத்துக்குப் பொருந்தும், பக்கத்து ஃபிரேமின் சத்தம் அவ்வளவாக ஏறாது. அந்தச் செய்முறைக்கு வேற்றொலி என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

தர்மினி:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட படிவங்களில எல்லாம் கடைசிப் பெட்டிக்கு 'ஏனையவை' எண்டுதான் இருக்கும். இதுக்கும் அதே சொல்லை வைக்கலாமே: ஏனைய ஒலி. கேட்ட இரண்டும் போக மிச்சம் எல்லாம். அதில ஆரவாரமும் இல்லை, அந்நியமும் இல்லை. புலவர் ஐயாவுக்கு ஒரு சான்றும் உண்டு. உடம்படுமெய்ச் சூத்திரமே 'இ ஈ ஐவழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்' எண்டுதான் வருது. பெயர் சொன்ன மூன்றும் போக மிச்ச உயிரெல்லாம் 'ஏனை'. நசீர் சொல்லுற வகையும் அப்படித்தானே?

புலவர் மாணிக்கம்:

மகளே, இந்தச் சான்றை நான் எடுத்துக்காட்டியிருக்க வேண்டும். அப்படியானால் 'ஏனைய ஒலி' என்று பிரித்து எழுதாதீர்கள். அதே சூத்திரப்படி ஏனை + ஒலி, ஏனையொலி. யகரம் தானாக வந்து உட்கார்கிறது.

இளங்கோ:

தமிழ்நாட்டு மாணவனுக்கு 'ஏனை' பாடப்புத்தகச் சொல். 'பிற ஒலி' என்று எழுதினால் என்ன குறை?

தர்மினி:

குறை ஒண்டும் இல்லை. எங்களுக்கு ஏனைய, உங்களுக்குப் பிற. ஆனா ஐயா அதையும் 'பிறவொலி' ஆக்கச் சொல்லுவார். அதைப் பிள்ளைகள் பிறவி எண்டு வாசிக்கப் போறாங்கள்.

கயல்விழி:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்துக்கு 'ஏனைய ஒலி' என்றே அனுப்புகிறேன், பிரித்துத்தான். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும், சொற்பட்டியலில் மாணவர்கள் 'ஒலி' என்று தேடும்போது கிடைக்க வேண்டும். அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: டம்ளர், தட்டு, சாவிக்கொத்து, குக்கர் விசில், கைபேசி மணி, யாரும் இல்லாத அறை ஆகியவற்றைக் கட்டாயம் பதிவு செய்யவும். அமைதியைத் தனி வகையாக்க இப்போது நேரமில்லை, நசீர்.

நேற்று அப்படிப் பதிவு செய்து மறுபடி பழக்கினோம். டம்ளர் இப்போது ஏனையவற்றில் விழுகிறது. குக்கர் மட்டும் இன்னும் சில நேரம் மணியாகிறது.

நசீர்:

குக்கருக்கு மாடலைக் குறை சொல்லாதீர்கள். ஒரு விநாடியை மட்டும் கேட்டால் விசிலும் மணியின் ஒரு பீப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். புகை எச்சரிக்கையில் பரவலாக வரும் முறை அரை விநாடி ஒலி, அரை விநாடி இடைவெளி, மூன்று முறை, கடைசி ஒலிக்குப் பின் ஒன்றரை விநாடி மௌனம். ஒரு சுற்று நான்கு விநாடி. மாடல் ஒரு நேரத்தில் பார்க்கும் ஒரு விநாடி ஒலியில் அது தெரியவே தெரியாது. மாடலுக்கு வெளியே சாதாரண நிரலில் எண்ணுங்கள்: நான்கு விநாடிக்குள் மூன்று முறை விட்டு விட்டு வந்தால்தான் மணி. குக்கர் ஒரே இழுவையாக இழுக்கும், தப்பிவிடும்.

கயல்விழி:

அதைப் பின்னிணைப்பில் சேர்க்கிறேன். போகிற போக்கில் ஒரு மாணவி கேட்டதையும் இங்கே வைக்கிறேன். பதிவு செய்யும்போது அவள் கையில் இருந்த கண்ணாடி வளையல் மேசையில் இடித்து உடைந்தது. அந்தக் கோப்பை எந்தக் கோப்புறையில் போடுவது என்று என்னிடம் வந்து நிற்கிறாள்.

நசீர்:

சன்னலுக்குக் காவல் என்றால் ஏனைய ஒலி. ஆனால் முதல் வகையின் பெயர் 'கண்ணாடி உடைவு' என்று இருக்கும்வரை அவள் கேட்டது நியாயம்தான்.

புலவர் மாணிக்கம்:

'சன்னல் உடைவு' என்று மாற்றலாமா? சன்னல் போர்ச்சுகீசியச் சொல் என்பதால், சாளரம், பலகணி இரண்டையும் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன். அச்சகத்தாரை ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள் அம்மா.