சுருக்க அட்டவணையை ஒன்றிரண்டாகத் திருத்திவரும் முறை: ‘ஏறுமுறை’ சரியா?

மலர்விழி:
வணக்கம். டாஷ்போர்டில் காட்டும் புகார் எண்ணிக்கைகளை ஒவ்வொரு முறையும் மூலப் பதிவுகளிலிருந்து எண்ணாமல் ஒரு சுருக்க அட்டவணையில் வைத்து, பதிவுகள் மாறும்போதெல்லாம் அதையும் திருத்திவரும் முறைக்குக் கையேட்டில் ‘ஏறுமுறைப் புதுப்பிப்பு’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துகிறதா?

இஸ்மாயில்:
அதுவும் ஒரு கேஷ்தானே, அம்மா? இருக்கும் சொல்லையே ஆளலாம்.

செந்தில்:
இரண்டும் சேமித்து வைத்த விடைகள் என்பது வரை இஸ்மாயில் சொல்வது சரி. ஆனால் கேஷைத் துடைத்துவிட்டால் அடுத்த முறை மூலத்திலிருந்து சரியான விடை வந்துவிடும். இங்கோ புதிய எண் பழைய எண்ணின் மேலேயே நிற்பதால், ஒரு திருத்தம் தவறினால் அந்தப் பிழை தானாக நீங்காது. ‘ஏறுமுறை’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் எண் இறங்கவும் வேண்டும். திறந்தவை 120, முடிந்தவை 880 என்றிருக்கையில் ஒரு புகார் முடிந்தால், அவை 119, 881 என்று ஆக வேண்டும். UPDATE டிரிகருக்குள் இப்படி வரும்:

```sql
UPDATE ticket_counts SET n = n - 1
 WHERE status = OLD.status;
UPDATE ticket_counts SET n = n + 1
 WHERE status = NEW.status;
```

‘மாற்றவழிப் பேணல்’ என்றும், அதற்கு எதிரானதை ‘முழு மீளெண்ணல்’ என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து.

தங்கராசு:
எங்கள் அலுவலகத்தில் இதே தவறு நடந்தது. INSERT-க்கு மட்டும் டிரிகர் எழுதிவிட்டு UPDATE-ஐ மறந்துவிட்டோம். திறந்தவை ஏறிக்கொண்டே போக, முடிந்தவை அசையவே இல்லை. ஆனால் இரண்டின் கூட்டுத்தொகை மூல அட்டவணையின் மொத்தத்தோடு ஒத்துப்போனதால், மொத்தத்தை மட்டுமே சரிபார்த்த எங்களுக்கு வெகுநாள் தெரியவில்லை. இப்போது இரவில் ஒருமுறை நிலைவாரியாக மீளெண்ணி ஒப்பிடுகிறோம். ‘மாற்றவழி’ என்ற பெயர் அன்றே இருந்திருந்தால், எந்தெந்த மாற்றங்கள் என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

மலர்விழி:
‘மாற்றவழிப் பேணல்’ என்றே திருத்துகிறேன். இன்னொரு ஐயம்: ஒரே நேரத்தில் பல புகார்கள் வந்தால், எல்லாப் பரிவர்த்தனைகளும் ‘திறந்தவை’ என்ற ஒற்றை வரிசையின் பூட்டுக்காகக் காத்திருக்குமே?

செந்தில்:
காத்திருக்கும், முன்னதன் COMMIT முடியும்வரை பின்னது நகராது. அதனால்தான் நெரிசல் மிகுந்த இடங்களில் +1, -1 என்பவற்றைத் தனி அட்டவணையில் புதிய வரிசைகளாகச் சேர்த்துவிட்டு, அவ்வப்போது ஒரே பரிவர்த்தனைக்குள் சுருக்க அட்டவணையில் கூட்டி, கூட்டிய வரிசைகளை மட்டும் நீக்கிவிடுகிறார்கள். இன்னும் கூட்டப்படாதவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் நடப்பு எண் கிடைக்கும்.

மலர்விழி:
கணக்குப்பதிவியலில் இதற்குச் சொற்கள் இருக்கின்றன: குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டுக்கு எடுத்தெழுதுகிறோம். தனி அட்டவணையைக் ‘குறிப்பேடு’ என்றும், கூட்டும் வேலையை ‘எடுத்தெழுதுதல்’ என்றும் சொல்லலாமா?

இஸ்மாயில்:
‘குறிப்பேடு’ என்றால் பள்ளி நோட்டுதான் பலருக்கும் நினைவுக்கு வரும்.

செந்தில்:
‘எடுத்தெழுதுதல்’ மிகப் பொருத்தம், அதை ஏற்கலாம். ‘குறிப்பேடு’ என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு: கணக்கில் குறிப்பேட்டுப் பதிவு நிலைத்திருக்கும், இங்கோ எடுத்தெழுதியதும் அழிக்கிறோம். ‘மாற்றப் பதிவேடு’ எப்படி?