சொல்லின் நடுவே புகும் வசைச்சொல்லுக்கு ஒரு கலைச்சொல்

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, ஆங்கிலேயர் ‘அப்சலூட்லி’ என்னும் சொல்லைப் பிளந்து ‘அப்சோ-பிளடி-லூட்லி’ என்று சொல்வதற்குத் தமிழில் ‘இடைச்செருகல்’ எனலாமா? பகுதிக்கும் விகுதிக்கும் நடுவிலேயே வசை நுழைகிறது என்று எண்ணுகிறேன்.

மொழியியல் ஆசிரியர்:
ஐயா, அவ்வாறாயின் விகுதியாகிய ‘லி’க்கு முன்புதான் அது நுழைந்திருக்க வேண்டும், ஆனால் ‘அப்சலூட்-பிளடி-லி’ என்று எவரும் சொல்வதில்லை. இடத்தைத் தீர்மானிப்பது அழுத்தமே. ‘லூட்’ என்னும் அசையில் முதன்மை அழுத்தம் விழுவதால், வசை அதற்குச் சற்று முன்னே வந்து நிற்கிறது. ‘ஃபன்-பிளடி-டாஸ்டிக்’, ‘அல-பிளடி-பாமா’ ஆகியவையும் அப்படியே. ‘லண்டன்’ என்பதில் அழுத்தம் முதலசையிலேயே முடிந்துவிடுவதால், அச்சொல்லைப் பிளக்க இடமே இல்லை. மொழியியலாளர் ஜான் மெக்கார்த்தி 1982இல் எழுதிய கட்டுரையில் இதைச் சீரின், அதாவது அழுத்தமுள்ள ஓர் அசையும் அதைச் சார்ந்த அசைகளும் சேர்ந்த தொகுதியின், எல்லையோடு பொருத்திக் காட்டினார். (இங்கே அசை, சீர் என்பவற்றை நம் யாப்பின் அசை, சீராகக் கொள்ள வேண்டாம்.)

ஆயினும் தாங்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ‘அன்பிலீவபிள்’ என்பதில் அழுத்தம் ‘லீவ்’ மீதே இருக்க, ‘அன்பி-பிளடி-லீவபிள்’ என்பதோடு, அழுத்தமற்ற அசைக்கு முன்னே ‘அன்-பிளடி-பிலீவபிள்’ என்றும் சொல்கிறார்கள். ‘அன்’ என்னும் முன்னொட்டு தளர்வாக ஒட்டியிருப்பதே காரணம். ‘இர்ரெஸ்பான்சிபிள்’ என்பதிலோ முன்னொட்டு இறுகிக் கலந்துவிட்டதால் ‘இர்ரெ-பிளடி-ஸ்பான்சிபிள்’ மட்டுமே செவிக்கு இசைகிறது. ‘இர்’ரை அடுத்துப் பிளப்பதை ஆங்கிலேயர் ஏற்பதில்லை.

தமிழாசிரியர்:
‘செய்தான்’ என்பதில் வரும் ‘த்’ இடைநிலைதானே? அப்பெயரே இதற்கும் போதாதா?

மொழியியல் ஆசிரியர்:
அம்மா, இடைநிலை காலம் காட்டும் உறுப்பு. பகுதியும் விகுதியும் சேருமிடத்தில் அது நிற்கிறதே தவிர, எதையும் பிளப்பதில்லை. இங்கே பிளவுபடுவது பகுதியே. ‘இடைச்செருகல்’ என்றாலோ, பிற்காலத்தவர் நூலுக்குள் நுழைத்த பாடலே நினைவுக்கு வரும். ‘வசையுள்ளொட்டு’ என்பதை முன்மொழிகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
‘பிளடி’ தனித்தும் நிற்கும் சொல்லாயிற்றே, அதை ஒட்டு என்று எப்படி அழைப்பது? ‘வசைச்செருகு’ என்றால் எவ்வகைச் சொல் என்பதைப் பற்றி வாக்குக் கொடுக்காமல் தப்பிக்கலாம்.

மொழியியல் ஆசிரியர்:
அந்தத் தயக்கம் நியாயமானதே. ‘செருகு’ எனக்கு உடன்பாடு. ஆனால் செருகும் இடத்திற்கு ‘சீரெல்லை’ என்று பெயரிடும் முன் ஒரு சிக்கலைப் பாருங்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலுள்ள ‘டாடமகூச்’ என்னும் ஊர்ப்பெயரை ‘டாடம-பிளடி-கூச்’ என்றும் ‘டாட-பிளடி-மகூச்’ என்றும் இரு விதமாகப் பிளக்கலாம். நடுவிலுள்ள ‘ம’ முன்சீரைச் சேர்ந்ததா, பின்சீரைச் சேர்ந்ததா என்பது முடிவாகாதவரை, எந்த எல்லையை நாம் ‘சீரெல்லை’ என்று குறிப்பது?