ஹாம்லெட் மேற்கோளுக்குப் பக்க எண் போட்டால் என்ன தப்பு?

எம்ஏ_முதலாண்டு: ஹாம்லெட் பத்தின கட்டுரையில எல்லா மேற்கோளுக்கும் பக்க எண் போட்டிருந்தேன். அங்கம், காட்சி, வரி போடச் சொல்லித் திருப்பிட்டாங்க. பதிப்பு விவரம் கடைசியில இருக்கே, பக்கம் போதாதா?

தேரடி_வாசகர்: போதாது. உங்க புத்தகத்தோட 127ஆம் பக்கம் என்கிட்ட இருக்கிற புத்தகத்துல வேற எங்கயோ போய் நிக்கும். 3.1ன்னு எழுதினா எந்தப் பதிப்பிலயும் அந்தக் காட்சிக்குப் போயிடலாம். வரி எண் எல்லாப் பதிப்பிலயும் ஒண்ணுதான், அதனால பதிப்பு பேரே தேவையில்ல.

மாடிப்படி: கடைசி வாக்கியம் சரியில்லைங்க. "இருப்பதா, இறப்பதா" தனிமொழி ஃபோல்ஜர் பதிப்பில் 3.1.64. ஹரால்டு ஜென்கின்ஸ் பதிப்பித்த ஆர்டனில் 3.1.56. உரைநடைப் பகுதிகளில் அச்சுப் பத்தியின் அகலம் மாறினால் வரி உடையும் இடமும் மாறும். ஒரு செய்யுள் வரியை இரண்டு பாத்திரங்கள் பங்கிட்டுப் பேசினால், அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பது பதிப்பாசிரியர் முடிவு. ஆகவே (ஹாம்லெட் 3.1.64) என்று எழுதி, நூற்பட்டியலில் ஃபோல்ஜர் என்று கட்டாயம் குறிக்க வேண்டும். ஆர்டன் வைத்திருப்பவர் எட்டு வரி மேலே பார்த்தால் கிடைத்துவிடும். பக்க எண்ணில் அந்த வசதி கிடையாது.

பழைய_அச்சு: அங்கமும் காட்சியும் மட்டும் என்ன வேதவாக்கா? ஹாம்லெட்டின் முதல் அச்சுப் பிரதியான 1603 குவார்ட்டோவில் அந்தப் பிரிவுகளே இல்லை. அதில் இந்தத் தனிமொழி இன்னும் முன்னாடியே வருகிறது. ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தொகுத்த 1623 ஃபோலியோவில் ஹாம்லெட்டுக்கு இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி வரைதான் பிரிவு போட்டிருக்கிறார்கள். மிச்சமெல்லாம் பிற்காலத்தார் சேர்த்தது. நான் கையில் பிடித்த புத்தகத்தின் பக்கம்தான் நேர்மையான சான்று.

மாடிப்படி: 1603 பிரதியைப் பற்றியே கட்டுரை என்றால் உங்கள் பக்கம் நிற்பேன். இந்த மாணவர் பேசுவது இன்றைய பதிப்பைப் பற்றி. பிற்காலத்தார் போட்டது என்றாலும் அந்தப் பிரிப்பை எல்லாரும் ஏற்று அச்சிடுகிறார்கள்.

கயல்_தமிழ்த்துறை: நான் மனோன்மணீயம் எடுத்திருக்கேன். அங்கம், களம் இருக்கு, ஆனா என்கிட்ட இருக்கிற பதிப்புல வரி எண் அச்சிடல. நானே எண்ணிப் போடலாமா?

தேரடி_வாசகர்: எண்ணிப் போடுங்க, செய்யுள்தானே.

மாடிப்படி: வேண்டாம் என்பேன். அச்சில் இல்லாத எண்ணைப் போட்டால் யாரும் சரிபார்க்க முடியாது. பக்கத்தைப் போட்டு, கூடவே அங்கம், களம் எழுதுங்கள். ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' போன்ற உரைநடை நாடகத்துக்கும் வரி எண் கிடையாது, பக்கம்தான் முதலில் வரும்.

பழைய_அச்சு: அப்போ பக்க எண் சில நாடகத்துக்குச் சரி, ஷேக்ஸ்பியருக்கு மட்டும் தப்பா? எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

எம்ஏ_முதலாண்டு: என்னோடது ஃபோல்ஜர்தான். ஓரத்துல ஐந்து வரிக்கு ஒருமுறை எண் போட்டிருக்கு, அதை வச்சே மாத்திடுறேன்.